ரெண்டு நிமிஷம், ஒரு குழாய்: அசெம்பிளியில் தண்ணீரைப் பற்றிப் பேசுவது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

பாத்திரம் கழுவிக்கிட்டே கேக்கறவங்க இன்னைக்குக் கொஞ்சம் கூடுதலா கவனிங்க, ஏன்னா விஷயமே குழாயைப் பற்றியது.

இன்றைய எபிசோடுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு பள்ளிக்கூட ஒர்க்‌ஷீட். ஒரே ஒரு பக்கம்தான். மேலே பெயர், வகுப்பு, தேதி. அதற்குக் கீழே ஒரு கேள்வி: “‘நீரைச் சேமிப்போம்’ என்னும் தலைப்பில், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசுவதற்கு ஏற்ற இரண்டு நிமிட உரை ஒன்றை எழுதுக. தெளிவான தொடக்கமும் முடிவும் அமைய வேண்டும்.” அதன் கீழே கோடு போட்ட இருபது வரிகள். அவ்வளவுதான்.

நம்மில் பாதிப் பேர் பள்ளியில் இதை எழுதியிருப்போம். இன்னும் சில வருஷத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கவும் போகிறோம். இந்த ஒர்க்‌ஷீட் என் கைக்கு வந்தது அப்படித்தான். சென்னையில் ஏழாம் வகுப்பு படிக்கும் என் அக்கா பொண்ணுக்கு ஒரு புதன்கிழமை கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். வகுப்பில் நன்றாக எழுதிய ஒருவர் திங்கள்கிழமை அசெம்பிளியில் மைக் முன்னால் நின்று அதைப் பேச வேண்டும்.

அவள் முதலில் எழுதியது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். மதிப்பிற்குரிய, மாண்புமிகு, பாசத்திற்குரிய, என் உயிரினும் மேலான என்று நாலு வரி விளி. பிறகு வான்சிறப்பு அதிகாரத்திலிருந்து ஒரு குறள். உலகத் தண்ணீரில் 97 சதவீதம் உப்புத் தண்ணீர் என்கிற தகவல். பல் துலக்கும்போது குழாயை மூடுவோம், ஷவரில் குளிப்பதைத் தவிர்ப்போம், குழாயை இறுக மூடுவோம். கடைசியில் ‘வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன்’.

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. மார்க் கிடைத்துவிடும். ஆனால் இதை அப்படியே மைக்கில் சொன்னால் என்ன ஆகும்? அதைப் பார்ப்போம்.

யார் நின்றுகொண்டிருக்கிறார்கள்?

அசெம்பிளியில் இந்தப் பேச்சு எந்த இடத்தில் வருகிறது என்று யோசித்துப் பாருங்க. தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்திருக்கும். உறுதிமொழி முடிந்திருக்கும். ஒரு மாணவர் வந்து அன்றைய திருக்குறளைப் பொருளோடு சொல்லியிருப்பார். இன்னொருவர் செய்தி வாசித்திருப்பார். அதற்குப் பிறகுதான் நம்ம ஆள். பிள்ளைகள் வெயிலில் நின்று கால் மாற்ற ஆரம்பித்திருப்பார்கள். அந்த நேரத்தில் இன்னொரு குறளோடு தொடங்கினால், ‘இப்பத்தானே ஒண்ணு சொன்னாங்க’ என்றுதான் தோன்றும். குறள்மேல் குற்றமில்லை. அது ஏற்கெனவே அந்தக் கூட்டத்தில் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது.

அடுத்தது அந்த 97 சதவீதம். உண்மைதான். மிச்சமுள்ள நன்னீரிலும் பெரும்பகுதி பனிப்பாறையாக உறைந்து கிடக்கிறது. ஆனால் இதைக் கேட்ட ஆறாம் வகுப்புப் பையன் அன்று மதியம் செய்யக்கூடியது என்ன? ஒன்றுமில்லை. கடலை அவனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த எண் உண்மையா என்று சரிபார்க்கவும் அவனால் முடியாது.

மூன்றாவதாக அறிவுரைகள். இங்கேதான் என் அக்கா பொண்ணு ஒரு கேள்வி கேட்டாள். அவள் பெஞ்சில் உட்காரும் தோழி வீட்டில் குழாய் கிடையாது. தெருவுக்கு லாரி வரும். பள்ளிக்கு வருவதற்கு முன்னால் அந்தப் பொண்ணு வரிசையில் நின்று குடம் தூக்கிவிட்டுத்தான் வருவாள்.

“சித்தி, அவளும் கீழ நின்னு கேப்பா. அவகிட்ட போய் ஷவரை மூடுன்னு எப்படிச் சொல்றது?”

பன்னிரண்டு வயசுப் பிள்ளை கேட்ட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தண்ணீர் சிக்கனம் பற்றிப் பேச முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். தண்ணீரைப் பற்றிய பெரும்பாலான பேச்சுகள், எல்லார் வீட்டிலும் திறந்தவுடன் தண்ணீர் கொட்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதப்படுகின்றன. குடத்தில் மொண்டு குளிக்கிற பிள்ளைக்கு அதில் சொல்ல ஒன்றுமே இல்லை. அவள் ஏற்கெனவே நம் எல்லாரையும்விடச் சிக்கனமாகத்தான் செலவழிக்கிறாள்.

அப்போ வழி என்ன? அங்கே நிற்கிற எல்லாருக்கும் பொதுவான ஒரு குழாயைப் பற்றிப் பேசுவது. வீட்டுக் குழாய் ஆளுக்கு ஆள் வேறு. பள்ளிக்கூடத்துக் குழாய் எல்லாருக்கும் ஒன்றுதான்.

பாட்டிலை வைத்து அளப்பது

அவள் பள்ளியில் சாப்பாட்டு இடத்துக்கு வெளியே கை கழுவும் குழாய்கள் வரிசையாக இருக்கின்றன. அதில் இடமிருந்து மூன்றாவது எப்போதும் சொட்டும். எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததால் யாரும் கவனிப்பதில்லை.

நான் அவளிடம் சொன்னது இதுதான். சொட்டுகளை எண்ணாதே. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணி, ஒரு சொட்டு இத்தனை மில்லி என்று பெருக்குகிற கணக்கு நிறைய இடத்தில் கிடைக்கும். ஆனால் குழாயின் வாய் அகலத்துக்கு ஏற்றபடி சொட்டின் அளவு மாறும். அதனால் அந்தக் கணக்கு எளிதில் தப்பிவிடும். அதற்குப் பதிலாக அளவு தெரிந்த ஒரு பாட்டிலை அடியில் வை. நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார். அது போதும்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில், கழுத்தை வெட்டிய அரை லிட்டர் பாட்டிலை அவள் குழாய்க்கு அடியில் வைத்தாள். அரை லிட்டர் எங்கே வரும் என்று முதல் நாளே வீட்டில் அளந்து மார்க்கரில் கோடு போட்டிருந்தாள். தோழி வாட்ச் பார்த்தாள். கோட்டைத் தொட 25 நிமிஷம் ஆனது. வெள்ளிக்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை வைத்தார்கள். இந்தத் தடவை 22 நிமிஷம்.

ஏன் வித்தியாசம்? காலையில் மாடியில் இருக்கும் டேங்க் நிறைந்திருக்கும். அழுத்தம் அதிகம், சொட்டும் வேகம். மதியம் எல்லாரும் கை கழுவும்போது அழுத்தம் குறையும். அதனால்தான் ஒரு தடவை மட்டும் அளந்தால் போதாது. இரண்டு தடவை அளந்து, குறைவாகத் தண்ணீர் போன கணக்கை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மைக்கில் சொல்கிற எண்ணை நாளைக்கு யாராவது போய்ச் சோதித்தால், உண்மை அதைவிட அதிகமாக இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது.

இப்போ கணக்கு. 25 நிமிஷத்துக்கு அரை லிட்டர் என்றால், ஒரு மணி நேரத்துக்கு 1.2 லிட்டர். பள்ளி வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பூட்டி, திங்கள் காலை 8 மணிக்குத் திறக்கிறது. இடையில் 64 மணி நேரம். 64-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 76.8 லிட்டர். ஏறக்குறைய 75 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவள் உடனே அடுத்த படிக்குத் தாவப் பார்த்தாள். பள்ளியில் எத்தனை குழாய், வருஷத்துக்கு எத்தனை நாள், தமிழ்நாட்டில் எத்தனை பள்ளி, எல்லாவற்றையும் பெருக்கினால் கோடிக்கணக்கில் வரும் என்றாள். வரும்தான். ஆனால் அளந்தது ஒரு குழாயை. மற்ற குழாய்களை யாரும் அளக்கவில்லை. அளக்காததைப் பெருக்கினால் எண் பெரிதாகும், ஆனால் கேட்பவருக்கு அதைச் சரிபார்க்க வழி இல்லாமல் போகும். மறுபடி 97 சதவீதம் இருந்த இடத்துக்கே வந்து நிற்போம்.

அதற்குப் பதிலாக எண்ணைச் சின்னதாக்கச் சொன்னேன். 75 லிட்டர் என்றால் மனசில் எதுவும் தெரியாது. வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் குடத்தை எடுத்து ஒரு லிட்டர் பாட்டிலால் நிரப்பிப் பார்த்தோம். 15 பாட்டில் பிடித்தது. அப்படியானால் 75 லிட்டர் என்பது சரியாக ஐந்து குடம். யாரும் இல்லாத பள்ளியில், ஒரே ஒரு குழாய் வழியாக, இரண்டு நாள் விடுமுறையில் ஐந்து குடம்.

‘இறுக மூடுங்கள்’ ஏன் தப்பு?

இதுவரை வந்தது எண். அடுத்து, என்ன செய்யச் சொல்லப் போகிறோம்? வழக்கமான பேச்சு இங்கே ‘குழாயை இறுக மூடுங்கள்’ என்று முடியும். அந்தக் குழாய்க்கு அது தவறான அறிவுரை.

திருகி மூடுகிற பழைய மாதிரிக் குழாயின் உள்ளே, தண்டின் நுனியில் ஒரு சின்ன ரப்பர் வாஷர் இருக்கும். நாம் திருகும்போது அந்த வாஷர் கீழே இறங்கி, தண்ணீர் வரும் துளையின் விளிம்பில் உட்கார்ந்து அடைக்கும். நாளாக நாளாக ரப்பர் இறுகிப்போகும், விளிம்பு பட்ட இடத்தில் பள்ளம் விழும், சில சமயம் கிழியும். அப்போது சந்து வழியாகத் தண்ணீர் கசியும். அந்த நிலையில் முழு பலத்தோடு திருகினால் வாஷர் இன்னும் நசுங்கும். அன்றைக்குச் சொட்டு நிற்கலாம். அடுத்த வாரம் அதைவிட மோசமாகச் சொட்டும்.

அது வாஷர் பிரச்சினைதானா, இல்லை யாரோ சரியாக மூடாமல் போனதா என்று கண்டுபிடிப்பது சுலபம். சாதாரணமாக ஒரு கையால் மூடுங்க. மூடியதும் நாலைந்து சொட்டு விழுவது சகஜம், அது குழாயின் மூக்கில் தங்கிய தண்ணீர். மனசுக்குள் இருபது எண்ணுங்க. அதற்குப் பிறகும் சீராகச் சொட்டினால், உள்ளே கோளாறு. தண்ணீர் மூக்கு வழியாக இல்லாமல், திறந்திருக்கும்போது கைப்பிடியின் அடியிலிருந்து கசிந்தால் அது வேறு இடம். அங்கே தண்டைச் சுற்றியிருக்கும் அடைப்பு போயிருக்கும், வாஷர் மாற்றினால் சரியாகாது. நம் அபார்ட்மென்ட்களில் இருக்கிற, கால் திருப்பு திருப்பினாலே திறக்கிற குழாய்களில் பெரும்பாலும் ரப்பர் வாஷர் இருக்காது, உள்ளே இரண்டு பீங்கான் வில்லைகள் இருக்கும். அது சொட்ட ஆரம்பித்தால் உள்பாகத்தை மாற்ற வேண்டும். இறுக்குவதற்கு அதில் ஒன்றுமே கிடையாது.

ஆக, பிள்ளைகள் செய்ய வேண்டியது இறுக்குவது அல்ல, சொல்வது. யாரிடம்? இதைத்தான் பேச்சு எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ‘தெரிவியுங்கள்’ என்று சொல்லிவிட்டு இறங்கினால், முந்நூறு பிள்ளைகள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? அதனால் வெள்ளிக்கிழமை அவள் ஒர்க்‌ஷீட்டோடு ஒரு வேண்டுகோளையும் வகுப்பாசிரியையிடம் கொண்டுபோனாள். அலுவலக வாசலில் ஒரு நோட்டு வைக்க முடியுமா என்று. டீச்சர் தலைமை ஆசிரியரிடம் கேட்டார், சரி என்று பதில் வந்தது. வரவில்லை என்றால் அந்த வரியைப் பேச்சிலிருந்து எடுத்திருப்போம். மேடையில் நின்று முதன்முறையாகப் பள்ளியின் குறையைச் சொன்னால் அது புகாராகிவிடும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அது அறிவிப்பு.

தோழியிடமும் அவள் ஒரு வார்த்தை கேட்டாள், லாரித் தண்ணீர் பற்றிச் சொல்லலாமா என்று. “சொல்லு, ஆனா என் பேரைச் சொல்லாத, என் பக்கம் திரும்பியும் பார்க்காத” என்று பதில். நியாயம்தானே?

எழுதி முடித்த உரை

சரி, ஒர்க்‌ஷீட்டில் கடைசியாக எழுதியதை அப்படியே வாசிக்கிறேன். நிதானமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாலும் இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

“தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், நண்பர்களுக்கும் காலை வணக்கம்.

முந்தாநாள் சனிக்கிழமை. நேற்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாளும் நம் பள்ளி பூட்டியிருந்தது. ஆனால் ஒரு குழாய் மட்டும் வேலை செய்துகொண்டே இருந்தது.

நாம் கை கழுவும் இடத்தில், இடமிருந்து மூன்றாவது குழாய். மூடினாலும் அது சொட்டும். போன வியாழக்கிழமை அதன் அடியில் ஓர் அரை லிட்டர் பாட்டிலை வைத்தேன். 25 நிமிடத்தில் நிரம்பியது.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போனோம். இன்று காலை திரும்பி வந்தோம். இடையில் அந்த ஒரு குழாயிலிருந்து வீணான தண்ணீர் ஏறக்குறைய 75 லிட்டர். அதாவது ஐந்து குடம்.

நம்மில் சிலர், பள்ளிக்கு வருவதற்கு முன் தண்ணீர் லாரிக்காக வரிசையில் நின்று குடம் தூக்குகிறோம். ஐந்து குடம் என்றால் எத்தனை நடை என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தக் குழாயை யாரும் திறந்துவிட்டுப் போகவில்லை. அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது. பலம்கொண்டு இறுக்கினால் அது இன்னும் கெடும். எனவே இறுக்காதீர்கள். சொல்லுங்கள்.

அலுவலக வாசலில் இன்று முதல் ஒரு நோட்டு இருக்கும். சொட்டும் குழாய் எந்த இடம், எத்தனையாவது குழாய் என்று உங்கள் வகுப்புத் தலைவரிடம் சொல்லுங்கள். அவர் அதில் எழுதுவார்.

இன்று மதியம் கை கழுவிய பிறகு, குழாயை மூடிவிட்டு, மனத்துக்குள் இருபது எண்ணுங்கள். அப்போதும் சொட்டினால், சொல்லுங்கள்.

நன்றி. வணக்கம்.”

அவ்வளவுதான்.

ஒர்க்‌ஷீட் கேட்ட ‘தெளிவான தொடக்கம்’ எங்கே இருக்கிறது என்று கவனிச்சீங்களா? விளி ஒரே வரி. அதற்குப் பிறகு நேராகப் பூட்டிய பள்ளி. கேட்பவருக்கு ஒரு சின்னக் கேள்வி எழும்: எந்தக் குழாய்? அந்தக் கேள்விதான் அடுத்த வரியைக் கேட்க வைக்கும். நாலு வரி விளியில் அந்த நேரம் முழுக்கக் கரைந்துபோகும்.

முடிவையும் பாருங்க. ‘எனவே நாம் அனைவரும்’ என்று எல்லாவற்றையும் திரும்பச் சொல்லவில்லை. எப்போது, எங்கே, என்ன செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு வேலை. அதைச் சொன்ன கையோடு நன்றி. கடைசியாகக் காதில் விழுந்ததுதான் மதியம்வரை ஞாபகம் இருக்கும். அது ‘வாய்ப்பளித்த அனைவருக்கும்’ என்பதாக இருந்தால் வாய்ப்பு அளித்தவர்கள்தான் ஞாபகம் இருப்பார்கள்.

வாக்கியங்கள் குட்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். எழுத்தில் நீளமான வாக்கியம் வந்தால் கண் திரும்பிப் போய்ப் படித்துக்கொள்ளும். மைக்கில் காது திரும்பிப் போக முடியாது. என்ன நடந்தது என்று தெரிவதற்குள் வாக்கியத்தின் தலை மறந்துவிடும்.

இன்னொரு விஷயம். திங்கள்கிழமை காலை மேடை ஏறுவதற்கு முன் அவள் ஓடிப்போய் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு வந்தாள், இன்னும் சொட்டுகிறதா என்று. இதற்கிடையில் யாராவது சரிசெய்திருந்தால் பேச்சின் பாதி மாறியிருக்கும். உண்மையான குழாயைப் பற்றிப் பேசினால் இந்தத் தொல்லை உண்டு.

இந்தப் பேச்சு எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது?

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற சிலருக்கு ஒரு எரிச்சல் வரலாம். 2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்குக் கண்டிப்பாக வரும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், நாலு ஏரியும் கிட்டத்தட்ட வறண்டு கிடந்த வருஷம் அது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், ஒரு ரயிலுக்கு ஏறக்குறைய 25 லட்சம் லிட்டர். அதன் முன்னால் 75 லிட்டர் எம்மாத்திரம்? ஒரு ஊரின் தண்ணீர்ப் பஞ்சத்தை ஒரு வாஷர் தீர்க்குமா?

தீர்க்காது. ஏரி, நிலத்தடி நீர், குழாய்ப் பாதையில் ஏற்படும் கசிவு, யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்கிற பங்கீடு, இதெல்லாம் பெரியவர்கள், அதிகாரிகள், அரசு தீர்மானிக்க வேண்டியவை. அந்தப் பாரத்தை அசெம்பிளியில் நிற்கிற பிள்ளைகள் தலையில் ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை. அதனால்தான் அந்த உரையில் ‘உலகைக் காப்போம்’ இல்லை. ‘சென்னையைக் காப்போம்’ கூட இல்லை. அந்தக் குழாயால் குறைவது அந்தப் பள்ளியின் மாடி டேங்க். உரை பேசுவது அதைப் பற்றி மட்டும்தான். அந்த அளவில் அது சொல்வது முழுக்க உண்மை.

நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரத்துக்குள் நோட்டில் ஏழு வரிகள் சேர்ந்தன. அதில் இரண்டு ஒரே குழாய், இரண்டு வகுப்புகள் தனித்தனியாக எழுதியது. பிளம்பர் வந்து வாஷர்களை மாற்றினார். மூன்றாவது குழாய் நின்றுவிட்டது. பாட்டிலை வைத்து மறுபடி பார்த்தார்கள், இடைவேளை முடியும்வரை அடி மட்டும் ஈரமாக இருந்தது. மாடிப்படி ஓரத்துக் குழாய் ஒன்று மட்டும் புது வாஷர் போட்ட பிறகும் சொட்டியது. வாஷர் உட்கார வேண்டிய உலோக விளிம்பே அரித்துப்போயிருக்கிறது, குழாயையே மாற்ற வேண்டும் என்று பிளம்பர் சொல்லிவிட்டார். அது அடுத்த மாதச் செலவில்தான் வரும் என்றார்களாம். அதுவரை அடியில் ஒரு வாளி வைத்து, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறார்கள்.

நாளைக்கே வேண்டும் என்றால்?

ஒர்க்‌ஷீட்டைப் பிள்ளை ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் பையிலிருந்து எடுக்கும் என்பது எனக்கும் தெரியும். பள்ளிக் குழாயை அளக்க நேரமில்லை. அப்போ வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருந்தால் அதை அளக்கலாம். நல்ல தண்ணீர் வரும் குழாய்க்குக் கீழே ஒரு பாத்திரம், கழிவு நீர்க் குழாயின் நுனியில் ஒரு வாளி. நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் சேர்ந்ததும் நிறுத்திவிட்டு, வாளியில் எத்தனை லிட்டர் என்று பாருங்க. வாளியில்தான் அதிகம் இருக்கும் பல வீடுகளில். அந்தத் தண்ணீரைத் தரை துடைக்கவும், டாய்லெட்டில் ஊற்றவும் வைத்துக்கொள்ளலாம். செடிக்கு ஊற்றுவதில் மட்டும் கவனம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. உங்க ஏரியா தண்ணீர் ஏற்கெனவே உப்பு என்றால் தொட்டிச் செடிக்கு வேண்டாம்.

ஆனால் ஒன்று, எல்லார் வீட்டிலும் ஆர்.ஓ. இருக்காது. அதனால் வேண்டுகோளை ‘நீங்கள் சேமியுங்கள்’ என்று எல்லாரையும் பார்த்துச் சொல்லாமல், ‘உங்கள் வீட்டில் இந்த மெஷின் இருந்தால், இன்று இரவு ஒரு வாளி வைத்துப் பாருங்கள்’ என்று சொன்னால் போதும். லாரிக்காக நிற்கிற பிள்ளைக்கு அந்த வாக்கியம் இல்லை என்பது அவளுக்கே புரிந்துவிடும்.

இப்போ ஒர்க்‌ஷீட்டின் அந்த இருபது வரிகளுக்கு மேலே, பென்சிலில் நாலு கேள்வி எழுதிக்கொள்ளச் சொல்லுங்க. கேட்பவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிற குழாய் எது? அதிலிருந்து எவ்வளவு போகிறது, நீயே அளந்தாயா? ஏன் போகிறது? இன்று மதியத்துக்குள் அவர்கள் செய்யக்கூடிய ஒரு வேலை என்ன? முதல் கேள்விக்கான பதில் தொடக்கம். கடைசிக் கேள்விக்கான பதில் முடிவு. நடுவில் இருப்பதை நிரப்ப இருபது வரி தாராளம்.

பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்டவங்க முடிச்சிருப்பீங்க. குழாயை மூடிட்டு இருபது எண்ணுங்க.